அத்தையின் கடிதத்தில் எது இன்றும் செல்லும்?

"கனடாவின் நிரந்தர வசிப்புரிமை, அதாவது பி.ஆர்., கிடைத்து டொராண்டோவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நண்பன் அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்கார்பரோவில் 1991 முதல் இருக்கும் என் அத்தை (அப்பாவின் அக்கா, 76 வயது, தனியாக இருக்கிறார்) கையால் எழுதிய ஐந்து பக்கக் கடிதத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறார். ஹெல்த் கார்டு, வீடு, டாக்டர், ஜாமீன் என்று ஏகப்பட்ட யோசனை, ஏகப்பட்ட உதவி. படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். எதை அப்படியே கேட்கலாம், எது பழசாகிவிட்டது? ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறாரே, ஒப்புக்கொள்ளலாமா?"

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "ஏர்போர்ட்டுக்கு வரணும்னு துடிச்சேன் ராஜா, முட்டி விடலை" என்று தொடங்குகிற அந்த முதல் பக்கத்தை நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ஸ்கார்பரோவில் புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டும் ஒரு அமைப்பில் 16 வருஷம் வேலை பார்த்தவன். வழக்கறிஞர் இல்லை. வாடகை விஷயத்தில் நான் சொல்வது தினமும் பார்த்துப் பழகியதிலிருந்து வருவது. சிக்கல் முற்றினால் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போக வேண்டும். 211 என்ற எண்ணுக்கு அடித்தால் உங்கள் பகுதியில் எது இருக்கிறது என்று சொல்லுவார்கள். தமிழில் பேச வேண்டும் என்றாலும் மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தருவார்கள்.

உங்கள் அத்தையின் கடிதத்தில் இரண்டு வகையான சரக்கு கலந்து கிடக்கிறது. ஒன்று, அவர் வந்தபோது கற்றுக்கொண்ட விதிகள். இவற்றில் பாதி மாறிவிட்டது. இன்னொன்று, அவர் இப்போது தருகிற பொருள்கள்: தன் முகவரி, தன் டாக்டர், தன் கையெழுத்து, தன் வீட்டு ஹால், மாமாவின் கோட்டு. விதிகளை அரசு அலுவலகத்தில் நீங்களே தெரிந்துகொண்டுவிடலாம். இரண்டாவது வகை வேறு எங்கேயும் கிடைக்காது. ஆனால் அதில் ஒவ்வொன்றுக்கும் அத்தை பக்கத்தில் ஒரு விலை உண்டு, அதை அவர் கடிதத்தில் எழுதவில்லை. அதனால் விதிகளைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அவர் தருவதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கும் இரண்டு டோக்கன்களில் இருந்து தொடங்கலாம். "பஸ்ஸுக்கு வெச்சுக்கோ" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார். டொராண்டோவில் பஸ், ரயில் நடத்தும் டிடிசி டோக்கன் விற்பதை 2019-லேயே நிறுத்திவிட்டது, 2025 ஜூன் முதல் பஸ்ஸில் வாங்கிக்கொள்வதும் இல்லை. பிரெஸ்டோ என்ற பயண அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வங்கி அட்டையையே தட்டலாம். தட்டிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்கு எத்தனை பஸ், ரயில் மாறினாலும் அதே காசுதான், திரும்பி வந்தாலும் சரி. அத்தை காலத்தில் டிரான்ஸ்ஃபர் சீட்டை வைத்துக்கொண்டு ஒரே திசையில்தான் போக வேண்டியிருந்தது. அதனால்தான் "இறங்கினா திரும்பக் காசு" என்று எச்சரித்திருக்கிறார். எப்போதும் ஒரே அட்டையைத் தட்டுங்கள். முதலில் போனையும் அடுத்த பஸ்ஸில் வங்கி அட்டையையும் தட்டினால் இரண்டு பேர் போனதாகக் கணக்கு வைத்து இரண்டு கட்டணம் எடுக்கும்.

அடுத்தது சின், அதாவது வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் சமூகக் காப்பீட்டு எண். "சின் கார்டைப் பர்ஸுலயே வெச்சிரு, எங்க போனாலும் கேப்பாங்க." இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பிளாஸ்டிக் அட்டை கொடுப்பது 2014 மார்ச்சோடு நின்றுவிட்டது. இப்போது எண் அச்சிட்ட ஒரு கடிதம்தான் வரும், காசும் கிடையாது. அதை வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்தால் முதலாளி கேட்பார், வட்டி தருகிற வங்கிக் கணக்குக்குக் கேட்பார்கள், வருமான வரிக்கு வேண்டும். வீட்டுக்காரருக்கும் போன் கடைக்காரருக்கும் நீங்கள் அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "உங்கள் சின் நம்பர் முடக்கப்பட்டிருக்கிறது, கைது செய்ய வருகிறோம்" என்று போன் வந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள். அத்தைக்கும் இதைச் சொல்லி வையுங்கள், தனியாக இருக்கும் வயதானவர்களைத்தான் அதிகம் குறிவைக்கிறார்கள்.

ஹெல்த் கார்டைப் பற்றி அவர் எழுதியது: "மூணு மாசம் கழிச்சுத்தான் கெடைக்கும், அதுவரைக்கும் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கோ." இது பல வருஷம் உண்மையாக இருந்தது. ஒன்டாரியோ அந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டது. நீங்கள் பி.ஆர். என்பதால் நாளைக்கே சர்வீஸ் ஒன்டாரியோ அரசு அலுவலகத்துக்குப் போகலாம். மூன்று ஆவணம், மூன்றும் அசல், வேண்டும்: குடியேற்ற நிலைக்கு ஒன்று, ஒன்டாரியோவில் வசிக்கிறீர்கள் என்பதற்கு ஒன்று, அடையாளத்துக்கு ஒன்று. முதலாவதற்கு நீங்கள் வந்து இறங்கியபோது கிடைத்த நிரந்தர வசிப்புரிமை உறுதிப் பத்திரம், மூன்றாவதற்கு பாஸ்போர்ட். எல்லோரும் முட்டிக்கொண்டு திரும்பி வருவது இரண்டாவதில்தான். நண்பன் அறையில் இருக்கிற உங்கள் பெயரில் அங்கே ஒரு காகிதமும் இருக்காது. வங்கிக் கணக்கைத் தொடங்கி, தபாலில் வரும் மாதாந்திர அறிக்கையைக் கொண்டுபோவது சுலபமான வழி. (இதைப் படிக்கும் வேறு யாராவது வேலை அனுமதியில் வந்திருந்தால் உங்கள் கணக்கு வேறு: ஒன்டாரியோ முதலாளியிடம் முழுநேர வேலை, குறைந்தது ஆறு மாதம், என்று காட்ட வேண்டியிருக்கும். படிக்க வந்தவர்களுக்கு ஓஹிப் என்ற இந்த அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது.)

அதே பத்தியில் "மருந்தெல்லாம் அரசாங்கமே குடுத்துரும்" என்று ஒரு வரி இருக்கிறது. அத்தை பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான். 65 வயது ஆனவர்களுக்கு ஒன்டாரியோவில் டாக்டர் எழுதும் மருந்தில் பெரும்பகுதி தானாகவே அரசுத் திட்டத்தில் வந்துவிடும். அவர் பத்து வருஷத்துக்கு மேல் அதில் இருப்பதால், உங்கள் வயதுக்காரர் மருந்துக் கடையில் கைக்காசு போட வேண்டும் என்பது மறந்துபோயிருக்கும். 25 முதல் 64 வயது வரை ஓஹிப் டாக்டரையும் ஆஸ்பத்திரியையும்தான் பார்த்துக்கொள்ளும். மருந்து, பல், கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் வேலையில் கிடைக்கும் காப்பீட்டிலோ உங்கள் சட்டைப்பையிலோதான். அதனால் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீரும் வரை காத்திருக்காமல் இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். "எங்கிட்ட ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கு, சளி பிடிச்சா சொல்லு" என்பதற்கு அன்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண் சிவப்பு, பூச்சிக்கடி, சிறுநீர்த் தொற்று போன்ற சில சின்ன உபாதைகளுக்கு 2023 முதல் இங்கே மருந்துக் கடை ஃபார்மசிஸ்டே மருந்து எழுதித் தரலாம். அதற்கும் ஹெல்த் கார்டைத்தான் கேட்பார்கள்.

சரி, இனி அவர் தருவது. நான்கு வரியில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கும் ஒன்றுதான் என் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது: "என் டாக்டர் நம்ம தமிழ்ப் பொண்ணு. அடுத்த மாசம் பிரஷர் பாக்கப் போறப்ப உன்னைச் சேர்த்துக்கச் சொல்லிக் கேக்கறேன்." இங்கே குடும்ப டாக்டர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று மூன்று வாரத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பல டாக்டர்கள் புது ஆட்களை எடுப்பதில்லை என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். ஆனால் ஏற்கெனவே தங்களிடம் வருகிறவரின் குடும்பத்து ஆள் என்றால் சில டாக்டர்கள் இடம் கொடுப்பார்கள். உறுதியில்லை, அந்த டாக்டரின் விருப்பம். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. அதற்குள் உங்கள் கையில் கார்டு இருக்க வேண்டும். முடிந்தால் அன்றைக்கு நீங்களும் அத்தையோடு போங்கள். கேட்கும்போது ஆள் எதிரில் நின்றால் வரவேற்பு மேஜையில் அப்போதே படிவத்தைக் கையில் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். அத்தைக்கும் பஸ்ஸில் ஏற ஒரு கை கிடைக்கும்.

முகவரி. "வீடு மாறிக்கிட்டே இருப்ப, தபாலெல்லாம் என் அட்ரஸுக்கு வரச் சொல்லு" என்கிறார். நல்ல யோசனை, ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பி.ஆர். அட்டை தபாலில்தான் வரும். வந்து இறங்கிய 180 நாளுக்குள் கனடா முகவரியைக் கொடுத்துவிட்டால் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நண்பன் அறைக்கு வரவழைத்து, நீங்கள் வீடு மாறியபின் அட்டை வந்து சேர்ந்தால் அதைத் தேடி அலைவது பெரிய பாடு. முகவரி எழுதும்போது அத்தை பெயரைக் கேர் ஆஃப் என்று போட்டு, அடுக்குமாடியில் அவர் வீட்டுக்குரிய அலகு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். அவர் கடிதத்தின் மேல் மூலையில் தெருவும் கட்டட எண்ணும்தான் இருக்கிறது, அலகு எண் இல்லை. முந்நூறு வீடு இருக்கிற அடுக்குமாடியில் அலகு எண் இல்லாத உறை அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

ஆனால் ஒரு எல்லை. தபால் வரும் முகவரி வேறு, வசிக்கும் முகவரி வேறு. ஹெல்த் கார்டு படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கும். அத்தை வீட்டில் தங்காமல் அங்கே வசிப்பதாகக் கையெழுத்துப் போடாதீர்கள். அது பொய்யான தகவல் என்பது ஒரு பக்கம். அத்தை வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று ஒரு காகிதம் உருவாகிவிடும் என்பது இன்னொரு பக்கம். அது ஏன் அவரைப் பாதிக்கும் என்பதற்கு மூன்றாம் பக்கத்துக்கு வருவோம்.

"ரூம் கெடைக்கிற வரைக்கும் ஹால்ல படுத்துக்கோ, எத்தனை மாசம்னாலும் சரி. என் பென்ஷனுக்குத் தக்க வாடகைதான் வாங்கறாங்க, உன்கிட்ட காசு கேக்க மாட்டேன். பில்டிங்காரங்ககிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்." இந்த மூன்று வாக்கியத்தையும் சேர்த்துப் படித்தால், அத்தை இருப்பது வருமானத்துக்கு ஏற்ப வாடகை கட்டும் மானிய வீடு என்று தெரிகிறது. அதில் வாடகை என்பது பொதுவாக வீட்டில் இருப்பவர்களின் வருமானத்தில் 30 சதவீதத்தை ஒட்டி வரும். "வீட்டில் இருப்பவர்கள்" என்பதுதான் கொக்கி. வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்பதை அவர் தெரிவிக்க வேண்டும், மாறினால் மாறியதையும் சொல்ல வேண்டும். விருந்தாளி எவ்வளவு நாள் தங்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கும். அது எத்தனை நாள் என்பது கட்டடத்தை நடத்துகிறவரைப் பொறுத்தது, அதனால் நான் எண் சொல்லப்போவதில்லை. அலுவலகத்தில் கேட்டால் எழுத்திலேயே தருவார்கள்.

வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி வீட்டில் பேரன் எட்டு மாதம் தங்கினான், நல்ல பையன், சத்தம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்தபோது பாட்டி வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தான், வங்கிக்கும் அதே முகவரி. ஆண்டுக்கொரு முறை நடக்கும் வருமானச் சரிபார்ப்பின்போது அவன் பெயரில் வந்த உறைகள் மேஜையில் கிடந்ததை வைத்துக் கேள்வி வந்தது. அவனுடைய சம்பளத்தையும் சேர்த்து வாடகையைத் திருப்பிக் கணக்குப் போடுவோம் என்று கடிதம் வந்தது. பாட்டி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தபோது உறையின் ஓரம் ஈரமாக இருந்தது, வழியெல்லாம் கையில் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். பேரன் வேறு இடத்தில் வசித்த சில மாதங்களுக்கு ஆதாரம் திரட்டி ஓரளவு குறைத்தோம். மிச்சத்தை அவன் தவணையில் கட்டினான். மானிய வீட்டுக்கு இந்த ஊரில் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அத்தை அதை இழந்தால் 76 வயதில் திரும்ப வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

ஆகவே ஒரு வாரம், பத்து நாள் தங்கப்போகிறீர்கள் என்றால், முதலில் அவரோடு கட்டட அலுவலகத்துக்குப் போய், "ஊரிலிருந்து தம்பி மகன் வந்திருக்கிறான், விருந்தாளியாக எத்தனை நாள் இருக்கலாம்?" என்று கேட்டுவிட்டுத் தங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர் மனசு நோகாமல் மாதக்கணக்கில் தங்குவதைத் தவிர்க்க ஒரு வழி: நீங்கள் தங்கினால் அவர் வாடகை ஏறக்கூடும் என்று நேராகச் சொல்லிவிடுவது. உபசாரமாக "தொந்தரவு வேண்டாம் அத்தை" என்றால் அவர் விடமாட்டார்.

இப்போது நீங்கள் முக்கியமாகக் கேட்ட ஜாமீன். அதற்கு முன் வீட்டு விஷயத்தில் எது சட்டம் என்று தெரிந்தால்தான் ஜாமீன் தேவையா என்றே தெரியும். ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் முதல் மாத வாடகையோடு, கடைசி மாதத்துக்காக அதிகபட்சம் ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கலாம். அந்த முன்பணத்தைக் கடைசி மாத வாடகைக்கு மட்டுமே கழிக்க வேண்டும், வருஷா வருஷம் அதற்கு வட்டியும் தர வேண்டும். சேத முன்பணம் என்று தனியாக வாங்கக் கூடாது. பின்தேதியிட்ட காசோலை கொடுத்தால்தான் வீடு என்று சொல்லக் கூடாது. சாவிக்கு முன்பணம் வாங்கலாம், ஆனால் சாவி செய்கிற செலவுக்கு மேல் போகக் கூடாது, சாவியைக் கொடுத்ததும் திருப்பித் தர வேண்டும். இவ்வளவும் உறுதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அத்தை எழுதியிருக்கும் "நம்மாளு ஒருத்தர் பேஸ்மென்ட்" மாதம் 1,500 டாலர் என்று வையுங்கள். வீட்டுக்காரர் முதல் மாதம், கடைசி மாதம், சேதத்துக்கு 500, சாவிக்கு 40, ஆக 3,540 கேட்கிறார். 3,040 வரை நியாயம், அந்த 500-ஐ மறுக்கலாம். "புதுசா வந்தவர், கிரெடிட் இல்லை, ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டுங்கள்" என்றும் சில பேர் கேட்பார்கள். அப்படிக் கட்டாயப்படுத்துவது சட்டப்படி கூடாது. நீங்களாகவே முன்வந்து கட்டினால் அது செல்லுமா என்பதில் வாதம் உண்டு, அந்தச் சந்தேகத்தில் நீங்கள் போய் விழ வேண்டாம். கிரெடிட் வரலாறு இல்லை என்பதையே குறையாக எண்ணி வீடு மறுக்கக் கூடாது என்பது மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. நடைமுறையில் மறுக்கத்தான் செய்கிறார்கள், காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் வேலைக் கடிதம், வங்கி இருப்பு, ஊரில் வாடகைக்கு இருந்திருந்தால் அந்த வீட்டுக்காரர் எழுதிய ஒரு கடிதம், மூன்றையும் ஒரே உறையில் போட்டு வீடு பார்க்கப் போகும்போதே கொண்டுபோங்கள். நான் கூட அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு ஜாமீன் பேச்சே வராமல் இதிலேயே முடிந்தது.

அப்படியும் ஜாமீன் கேட்டால்? ஜாமீன் கேட்பது வீட்டுக்காரரின் உரிமைதான். இங்கே அத்தை எந்த வரிசையில் கையெழுத்துப் போடுகிறார் என்பதுதான் எல்லாம். வாடகைதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயருக்குக் கீழே அவரும் போட்டால், அவர் ஜாமீன்தாரர் ஆகமாட்டார், உங்களோடு சமமான வாடகைதாரர் ஆகிவிடுவார். நீங்கள் ஒரு மாதம் கட்டவில்லையென்றாலும் முழு வாடகையையும் அவரிடம் கேட்கலாம், வாடகைத் தீர்ப்பாயத்தில் அவர் பெயரும் ஏறும். போதாததற்கு, மானிய வீட்டில் இருக்கும் ஒருவருக்கு இன்னொரு வீட்டு லீஸ் தன் பெயரில் இருப்பதே கேள்வியைக் கிளப்பும். பல வீட்டுக்காரர்கள் வித்தியாசம் தெரியாமல் "இங்கே கையெழுத்துப் போடுங்கம்மா" என்று அந்த இடத்தைக் காட்டிவிடுவார்கள். ஜாமீன் என்றால் தனிக் காகிதம். அதில் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும்: முதல் 12 மாதத்துக்கு மட்டும், சேதத்துக்கு அல்லாமல் வாடகைக்கு மட்டும், அதிகபட்சம் இவ்வளவு டாலர். முதலாவது ஏன் என்றால், ஒரு வருஷ லீஸ் முடிந்ததும் நீங்கள் காலி செய்யாவிட்டால் அது தானாகவே மாதாமாத வாடகையாகத் தொடரும். காகிதத்தில் காலம் எழுதாவிட்டால் ஜாமீனும் கூடவே தொடர்கிறதா என்பது வாசகத்தைப் பொறுத்த வழக்காகிவிடும்.

உச்சவரம்பு எழுதாமல் போட்டால், மேலே சொன்ன வீட்டுக்கு அத்தையின் தலையில் இருக்கும் பொறுப்பு 1,500 பெருக்கல் 12, அதாவது 18,000 டாலர் வரை போகலாம். இரண்டு மாத வாடகை, 3,000 டாலர், என்று வரம்பு போட்டால் பல வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். வேலை கிடைத்துவிட்டது என்றால் அவர்களுக்கு அதுவே போதும். அந்த 3,000-ஐ நீங்கள் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு, அத்தையிடம் "இது உங்கள் கையெழுத்துக்கு ஈடு" என்று சொல்லி வைத்தால் நான் நிம்மதியாக இருப்பேன். உங்களிடம் அவ்வளவு இல்லை, வேலையும் இன்னும் இல்லை என்றால் இப்போதைக்கு அந்தக் கையெழுத்தை வாங்காதீர்கள். முழு வீட்டுக்குப் பதில் ஒரு அறையை வாடகைக்கு எடுங்கள். ஒரு அறைக்கு ஜாமீன் கேட்பவர்கள் குறைவு.

அறை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுச் சொந்தக்காரரோடோ அவர் மனைவி, பிள்ளை, பெற்றோரோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்கிற மாதிரி ஏற்பாடு என்றால், மேலே சொன்ன வாடகைச் சட்டப் பாதுகாப்பு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. மோசமான ஏற்பாடு என்று சொல்லவில்லை. முதல் மூன்று நான்கு மாதத்துக்கு மலிவான, நல்ல வழி. நினைத்த நேரத்தில் கிளம்பச் சொல்லலாம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள், பெரிய முன்பணம் கொடுக்காதீர்கள்.

"நம்மாளுதான், எழுத்தெல்லாம் வேண்டாம், கையில காசு குடுத்தாப் போதும்" என்று அத்தை எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆள் யோக்கியராகவே இருக்கட்டும். வாய்ப்பேச்சு ஏற்பாடும் ஒன்டாரியோ சட்டத்தில் செல்லும்தான், ஆனால் காசைக் கையில் கொடுத்தால் நீங்கள் அங்கே இருந்ததற்கோ கட்டியதற்கோ தடயம் இல்லை. வங்கி வழியாக இ-டிரான்ஸ்ஃபரில் அனுப்புங்கள், குறிப்பில் மாதத்தை எழுதுங்கள். ரசீது கேட்டால் வீட்டுக்காரர் இலவசமாகத் தர வேண்டும். அரசின் பொது லீஸ் படிவம் 2018-இல் வந்தது. அதை எழுத்தில் கேட்டு 21 நாளில் தராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கக்கூட உரிமை உண்டு, ஆனால் அத்தைக்குத் தெரிந்தவரிடம் அந்த அளவுக்குப் போகாமல் ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அந்த லீஸே உங்கள் ஹெல்த் கார்டுக்கு முகவரி ஆதாரமும் ஆகும்.

பேஸ்மென்டைப் பகலில் ஒரு தடவை, மழை பெய்த மறுநாள் முடிந்தால் இன்னொரு தடவை பாருங்கள். சுவர் அடியில் பெயின்ட் உப்பியிருக்கிறதா, தரை விரிப்பின் மூலையைத் தூக்கினால் நனைந்த சாக்கு வாசனை வருகிறதா, புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கிறதா, தீப்பிடித்தால் மாடிப்படி தவிர வெளியேற இன்னொரு வழியோ ஆள் நுழையும் ஜன்னலோ இருக்கிறதா. சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி மேலே வீட்டுக்காரர் கையில் இருக்கும். குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி வைக்க வேண்டும் என்பது டொராண்டோ நகர விதி. ஒரு சின்ன வெப்பமானி வாங்கி வைத்துக்கொண்டால் பேச்சு சுலபம். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்றால் அது ஏமாற்று, அத்தனையும்.

கோட்டைப் பற்றி: "மாமாவோட கோட்டு ட்ரைகிளீன் பண்ணி வெச்சிருக்கேன், உனக்குச் சரியா இருக்கும்." வாங்கிக்கொள்ளுங்கள். போட்டுப் பார்க்கும்போது உள்ளே ஒரு ஸ்வெட்டரோடு போட்டுப் பாருங்கள், தோளில் இறுக்கினால் ஜனவரியில் உதவாது. கம்பளிக் கோட்டாக இருந்தால் நவம்பர் வரை போதும். காற்றோடு சேர்ந்து மைனஸ் 20 போல உறைக்கும் நாளுக்குக் காற்றுப் புகாத மேல்துணியும் தலை மூடியும் உள்ளது வேண்டும். காலணியை மட்டும் இரவல் வாங்காதீர்கள். "சாக்ஸ் ரெண்டு ஜோடி போடு" என்று எழுதியிருக்கிறார். பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் இரண்டு சாக்ஸ் ரத்த ஓட்டத்தைக் குறைத்து விரலை இன்னும் ஜில்லிட வைக்கும். ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், அதைப் போட்டுக்கொண்டு போய் அதற்கேற்ற அளவில் பூட்ஸ்.

பதில் எழுதும்போது கையாலேயே எழுதுங்கள், அவர் பேனா பிடித்து ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார். டாக்டர் நாள் எது என்று கேளுங்கள், கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். பி.ஆர். அட்டை அவர் முகவரிக்கு வரும், உறை எப்படி இருக்கும் என்று விவரம் எழுதுங்கள், இல்லையென்றால் விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போய்விடும். ஜாமீனுக்கு இப்போது தேவைப்படவில்லை, தேவைப்பட்டால் காகிதத்தை முதலில் உங்களிடம் காட்டுகிறேன் என்று ஒரு வரி. அலகு எண்ணைக் கேட்க மறந்துவிடாதீர்கள். இந்தப் பதில் உறையும் அது இல்லாமல் போய்ச் சேராது, அதனால் முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.